ஷூட்டிங் ஸ்பாட்ல அந்த 60 விநாடி அமைதி எதுக்கு? கெட்டுப்போன வசனத்தை மறுபடி ஒட்டும் டப்பிங் ரகசியம்!

டைரக்டர் ‘ஓகே’ சொன்னதும் ஷூட்டிங் ஸ்பாட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் அசைய ஆரம்பிப்பார்கள். லைட்மேன்கள் ஸ்டாண்டைத் தூக்குவார்கள், மேக்கப் உதவியாளர் ஓடுவார், யாரோ டீ கேட்பார்கள். அந்த நேரம் பார்த்து சவுண்ட் ரெகார்டிஸ்ட் கையைத் தூக்கி, ‘ரூம் டோன் எடுக்கணும், ஒரு நிமிஷம் எல்லாரும் அப்படியே நில்லுங்க’ என்பார். கேமரா ஓடாது, நடிகர் பேச மாட்டார். நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, காலியான அறையின் சத்தம் மட்டும் பதிவாகும்.

புதிதாக வந்த உதவி இயக்குநருக்கு இது வீண் வேலையாகத் தோன்றலாம். யாரும் பேசாததை எதற்குப் பதிவு செய்ய வேண்டும்? இதற்கான பதில் மூன்று மாதம் கழித்து டப்பிங் தியேட்டரில்தான் கிடைக்கும்.

எந்த அறையும் ஊமை அல்ல

கதவைச் சாத்திவிட்டு வீட்டில் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். முதலில் ஒன்றும் கேட்காது. கொஞ்ச நேரத்தில் ஃபிரிட்ஜின் ‘ம்ம்ம்’ கேட்கும். மின்சாரம் விநாடிக்கு 50 முறை துடிப்பதால் வரும் மெல்லிய ரீங்காரம் அதில் கலந்திருக்கும். தூரத்துச் சாலையின் இரைச்சல், பக்கத்து வீட்டு டி.வி., ஓட்டுக் கூரையில் காற்று உரசும் ஒலி என எல்லாம் சேர்ந்ததுதான் அந்த அறையின் ‘அமைதி’. சினிமாக்காரர்கள் இதை ‘ரூம் டோன்’ என்கிறார்கள்.

கைரேகை மாதிரி, ஓர் அறையின் டோன் இன்னோர் அறைக்கு இருக்காது. ஒரே அறையிலும் பகல் பத்து மணிக்குக் காக்கையும் சாலையும் கேட்கும், இரவு பத்து மணிக்குச் சில்வண்டு கேட்கும். நாற்பது பேர் நிற்கும்போது ஒரு மாதிரியும், எல்லோரும் வெளியே போன பிறகு வேறு மாதிரியும் ஒலிக்கும். மனித உடம்பும் உடுத்தியிருக்கும் துணியும் ஒலியை உறிஞ்சிக்கொள்வதே காரணம். அதனால்தான் ‘வேலை முடிஞ்சா கிளம்புங்க’ என்று சொல்லாமல், ‘அப்படியே நில்லுங்க’ என்கிறார் ரெகார்டிஸ்ட்.

நடிகர் பேசும் ஒவ்வொரு வசனத்துக்கு அடியிலும் இந்த டோன் ஒரு விரிப்புபோலக் கிடக்கிறது. அது இருக்கும் வரை நம் காது கண்டுகொள்வதில்லை. ஒரே ஒரு விநாடி அது இல்லாமல் போனால், ‘என்னவோ ஆச்சே’ என்று உடனே உறுத்துகிறது.

லைவ் சவுண்ட் படங்களுக்குத்தான் இந்தத் தலைவலி

1931-ல் வெளியான ‘காளிதாஸ்’ காலத்தில் வசனமும் பாட்டும் கேமரா முன்னாலேயே பதிவாயின. பிறகு பின்னணிப் பாட்டு வந்தது, அதைத் தொடர்ந்து டப்பிங் வந்தது. இந்திய சினிமாவில் அதிகம் புழங்கிய ஆரி 2சி போன்ற கேமராக்கள் ஓடும்போது தையல் மெஷின் மாதிரி சத்தம் போடும். அந்தச் சத்தத்தோடு வசனத்தைப் பயன்படுத்த முடியாது. அதனால் ஸ்பாட்டில் எடுக்கும் ஒலியை வெறும் வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, முழுப் படத்துக்கும் பிறகு குரல் கொடுப்பது வழக்கமானது. முழுப் படத்தையும் டப் செய்தால் எல்லா வசனமும் ஒரே தியேட்டரில், ஒரே மைக்கில் பதிவாகும். ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

கமல்ஹாசனின் ‘விருமாண்டி’ (2004), ஆமிர் கானின் ‘லகான்’ (2001) போன்ற படங்கள் வேறு வழியில் போயின. நடிக்கும்போது பேசியதையே படத்தில் பயன்படுத்தும் லைவ் சவுண்ட் முறை அது. இந்த முறையில் நூறு வசனம் ஸ்பாட்டில் பேசியதாகவும், நடுவில் ஒரே ஒரு வசனம் மட்டும் தியேட்டரில் பேசியதாகவும் அமையும் நிலை வரும். அந்த ஒரு வசனம் தனியாகத் தெரியக் கூடாது. ரூம் டோனுக்கு உயிர் போகிற அவசியம் வருவது இங்கேதான்.

ஒரு சமையலறை, ஒரு ஹாரன்

உதாரணத்துக்கு ஒரு காட்சி. கும்பகோணம் பக்கம் ஓர் ஓட்டு வீடு, இரவு நேரம். அம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார். சென்னையில் படிக்க இடம் கிடைத்த மகள் வாசற்படியில் நிற்கிறாள். பணத்துக்கு என்ன செய்வது என்று அவள் தயங்க, அம்மா தலை நிமிராமல் சொல்கிறார்: “நகைய வித்தாச்சும்மா... நீ பேசாம கெளம்பு.”

நான்கு டேக் போகிறது. மூன்றாவது டேக்கில் ‘வித்தாச்சும்மா’ என்ற இடத்தில் அம்மாவாக நடிப்பவரின் குரல் லேசாக உடைகிறது. டைரக்டர் தேடியது அதைத்தான். ஆனால், சரியாக அந்த இடத்தில் ரோட்டில் ஒரு பஸ் ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. ‘வித்தாச்சும்மா’ முதல் ‘பேசாம’ வரை ஹாரன் படிந்துவிட்டது.

‘சாஃப்ட்வேர்ல எடுத்துடலாமே’ என்று பலரும் நினைப்பார்கள். ஃபிரிட்ஜ், ஃபேன் மாதிரி ஒரே சீராக ஓடும் இரைச்சலை சாஃப்ட்வேர் நன்றாகவே குறைக்கும். இரைச்சல் எப்படி இருக்கிறது என்று அதற்குக் காட்ட ஒரு மாதிரி வேண்டும். அந்த மாதிரியும் ரூம் டோனிலிருந்துதான் கிடைக்கிறது. ஹாரன் அப்படியல்ல. மனிதக் குரல் இருக்கும் அதே அலைவரிசையில் அதுவும் இருக்கிறது, சுருதியும் மாறிக்கொண்டே போகிறது. ஹாரனைச் சுரண்டி எடுத்தால் குரலும் சேர்ந்து வரும். மிச்சமிருப்பது குடத்துக்குள் பேசுவது மாதிரி ஒலிக்கும்.

டப்பிங் கடைசி வழி

அனுபவமுள்ள டயலாக் எடிட்டர் உடனே டப்பிங் தியேட்டரை புக் செய்யச் சொல்ல மாட்டார். முதலில் மற்ற டேக்குகளைக் கேட்பார். இரண்டாவது டேக்கில் அதே வசனம் சுத்தமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒலியை எடுத்து மூன்றாவது டேக் படத்தின் மேல் வைத்துப் பார்ப்பார். ஒரே இரவு, ஒரே அறை, ஒரே மைக் என்பதால் டோன் தானாகப் பொருந்தும். பல நேரங்களில் இதிலேயே பிரச்னை தீர்ந்துவிடும். ரசிகருக்கு எதுவும் தெரியாது.

நம் காட்சியில் அது கைகொடுக்கவில்லை. இரண்டாவது டேக்கில் அம்மா வசனத்தை வேகமாகச் சொல்லிவிட்டார். உதட்டசைவு முடிவதற்கு முன்பே பேச்சு முடிந்துவிடுகிறது. குரலில் அந்த உடைசலும் இல்லை.

அடுத்த வழி ‘வைல்டு லைன்’. ஹாரன் விழுந்ததும் ரெகார்டிஸ்ட் அதைக் குறித்துவைத்து, ஷாட் முடிந்த கையோடு கேமரா இல்லாமல் அந்த ஒரு வசனத்தை மட்டும் இரண்டு மூன்று முறை பேசச் சொல்லிப் பதிவு செய்வது இது. நடிகர் இன்னும் அந்த மனநிலையிலேயே இருப்பார், அறையும் அதே அறை. ஐந்து நிமிட வேலைதான். ஆனால், விடிவதற்குள் இன்னும் மூன்று ஷாட் பாக்கி என்ற நெருக்கடியில் முதலில் தியாகம் செய்யப்படுவது இந்த ஐந்து நிமிடம்தான். இந்தக் காட்சியிலும் அதை எடுக்கவில்லை. இனி டப்பிங்தான்.

இதை ‘ஏ.டி.ஆர்.’ என்பார்கள். ஆட்டோமேட்டட் டயலாக் ரீப்ளேஸ்மென்ட் என்பதன் சுருக்கம். பெயரில் ஆட்டோமேட்டட் இருந்தாலும் தானாக நடப்பது ஒன்றும் இல்லை. ஃபிலிம் காலத்தில், அந்த வசனம் வரும் துண்டை மட்டும் வெட்டி, முனையோடு முனை ஒட்டி வளையமாக்கி, புரொஜெக்டரில் திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். அதனால் அன்று அதற்கு ‘லூப்பிங்’ என்று பெயர்.

ஏ.டி.ஆர். என்றாலே தரக்குறைவு என்றும் நினைக்க வேண்டாம். ‘தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களின் ஸ்டூடியோ நியூசிலாந்தின் வெலிங்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. விமானச் சத்தம் விடாததால் அந்தப் படங்களில் வசனத்தின் பெரும்பகுதி பிறகுதான் பதிவானது. படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

தியேட்டரில் நடப்பது என்ன?

தியேட்டருக்கு வருவதற்கு முன்பே ஒரு பட்டியல் தயாராகிவிடும். காட்சி 27, ஷாட் 4, டேக் 3, எந்த நிமிடம், எந்த விநாடி, என்ன வசனம், எதனால் கெட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. காரணத்தை எழுதுவது முக்கியம். புடவை மைக்கில் உரசியதால் கெட்ட வசனத்தை ஸ்பாட்டில் பேசிய அதே தொனியில் பேச வேண்டும். சென்சார் ஒரு வார்த்தையை நீக்கச் சொன்னதால் வந்திருந்தால், அதே உதட்டசைவுக்குப் பொருந்தும் வேறு வார்த்தையைத் தேட வேண்டும்.

நடிகர் வந்ததும் ஹெட்போனில் பழைய ஒலியை ஹாரனோடு அப்படியே போட்டுக் காட்டுவார்கள். திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான், எந்த இடத்தில் மூச்சு இழுத்தோம், எங்கே இழுத்துப் பேசினோம் என்பது நினைவுக்கு வரும். பிறகு திரையில் படம் ஓடும். வசனத்துக்கு முன்னால் சம இடைவெளியில் மூன்று ‘பீப்’ ஒலிக்கும். நான்காவது பீப் வராது. அது வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில்தான் வசனம் தொடங்க வேண்டும். தாளம் போடுகிற மாதிரிதான் இது. இரண்டு மூன்று முறையில் பிடிபட்டுவிடும்.

கெட்டது மூன்று வார்த்தைதான் என்றாலும் முழு வசனத்தையும், அதற்கு முந்தைய மூச்சையும் சேர்த்தே பதிவு செய்வார்கள். மூச்சு ஸ்பாட்டிலும் பேச்சு தியேட்டரிலும் இருந்தால் ஒட்டுப்போட்ட இடம் தெரிந்துவிடும்.

மைக் சரி, உட்கார்ந்த விதம்?

டப்பிங் தியேட்டர் மைக்குகள் வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவதற்கு ஏற்றவை. அதில் பேசினால் ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி கனமாக, நெருக்கமாகக் கேட்கும். சமையலறையில் மைக் இருந்ததோ அம்மாவின் தலைக்கு மேலே இரண்டு மூன்று அடி தள்ளி, பூம் கம்பின் நுனியில். அதனால் ஸ்பாட்டில் பயன்படுத்திய அதே வகை மைக்கை, ஏறக்குறைய அதே தூரத்தில், அதே கோணத்தில் தொங்கவிடுவார்கள். சேலையில் குத்தியிருந்த லேப்பல் மைக்கின் ஒலி படத்தில் பயன்பட்டிருந்தால், அதையும் மறுபடி குத்துவார்கள்.

அடுத்து உடம்பு. அரிவாள்மனையில் குந்தி, முன்னால் குனிந்து, தேங்காயை அழுத்தித் துருவிக்கொண்டே பேசிய குரல் அது. வயிறு மடங்கியிருக்கும், மூச்சு பாதியில் நிற்கும். அதே வசனத்தை நிமிர்ந்து நின்று பேசினால் குரல் தாராளமாக வரும், படத்தில் ஒட்டாது. ஒரு மணையைப் போட்டு நடிகரை உட்கார வைத்து, கைக்கு ஏதாவது கொடுத்துத் துருவுவதுபோல அசைக்கச் சொல்வதுதான் வழி. துருவும் ஓசை வசனத்தோடு சேர்ந்துவிடாமல் இருக்க, கையில் துணிப் பொட்டலம் போதும்.

பலரும் சறுக்கும் இடம் பேசும் அளவு. தியேட்டர் நிசப்தமாக இருப்பதால் நடிகர் தானாகவே மெதுவாகப் பேசிவிடுவார். ஸ்பாட்டில் அடுப்பு சத்தத்துக்கு மேல், வாசற்படி வரை எட்டுகிற மாதிரி பேசியிருப்பார். மெதுவாகப் பேசியதைப் பிறகு ஒலியைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது. அழுத்திப் பேசும் குரலும், மெதுவாகப் பேசி பெரிதாக்கிய குரலும் வேறு வேறு. மகளாக யாரையாவது அதே தூரத்தில் நிற்க வைத்து, அவர்களைப் பார்த்துப் பேசச் சொன்னால் குரலின் வீச்சு தானாகச் சரியாகிவிடும்.

உதடு மூடும் நான்கு இடங்கள்

பதிவான வசனத்தை எடிட்டர் படத்தோடு பொருத்தும்போது எல்லா எழுத்தையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். ப, ம இரண்டுக்கும் உதடு மூடியே ஆக வேண்டும். பார்ப்பவரின் கண் கவனிப்பதும் இவற்றைத்தான். நம் வசனத்தில் ‘ச்சும்மா’வில் ஒன்று, ‘பேசாம’வில் இரண்டு, ‘கெளம்பு’வில் ஒன்று என நான்கு இடங்களில் உதடு மூடுகிறது. இந்த நான்கு இடங்களும் படத்தோடு உட்கார்ந்துவிட்டால், நடுவில் க, த, ச கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாருக்கும் தெரியாது.

எவ்வளவு முன்னே பின்னே? சினிமாவில் விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு ஃபிரேம் என்பது சுமார் 42 மில்லி செகண்ட். ஒலி ஓரிரு ஃபிரேம் முந்தினாலே உறுத்தும். பிந்தினால் மூன்று ஃபிரேம் வரைகூடக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் அடிபடுவது முதலில் தெரியும், சத்தம் பிறகுதான் வரும். ஒலி பிந்தி வருவது நமக்குப் பழக்கம். ஒலி முந்தி வருவது இயற்கையில் இல்லாதது. அதனால் சந்தேகம் வந்தால் எடிட்டர்கள் வசனத்தை ஒரு துளி பிந்தியே வைப்பார்கள்.

பள்ளத்தை மூடும் அமைதி

குரல் பொருந்திவிட்டது, உதடும் பொருந்திவிட்டது. ஆனாலும் ஓடவிட்டுக் கேட்டால் வசனம் தனியாக மிதக்கும். காரணம், ஹாரன் விழுந்த நான்கு விநாடித் துண்டை வெட்டி எடுக்கும்போது, அதில் இருந்த சமையலறையின் காற்றும் சேர்ந்து போய்விட்டது. தியேட்டரில் பதிவான குரலுக்கு அடியில் எந்த டோனும் இல்லை. அம்மா பேசத் தொடங்கியதும் உலகமே நின்றுபோன மாதிரி ஒரு பள்ளம். பேசி முடித்ததும் இரைச்சல் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும்.

அன்று இரவு எடுத்துவைத்த 60 விநாடி இப்போதுதான் வெளியே வருகிறது. அந்த நான்கு விநாடிப் பள்ளத்துக்கு அடியில் ரூம் டோனை விரிப்பார்கள். இரண்டு முனைகளிலும் பழைய ஒலி மெல்லக் குறைய, டோன் மெல்லக் கூடும்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார்கள். பிறகு புதுக் குரலுக்குச் சமையலறைச் சுவரில் பட்டுத் திரும்பும் லேசான எதிரொலியைச் சேர்ப்பார்கள். கடைசியில், வெட்டும்போது தொலைந்துபோன துருவும் ஓசையையும் வளையல் சத்தத்தையும் தனியாகப் பதிவு செய்து வைப்பார்கள். டோன், குரல், துருவல், வளையல் நான்கும் சேர்ந்ததும் அம்மா மறுபடி அந்தச் சமையலறைக்குள் வந்துவிடுகிறார்.

நான்கு விநாடிக்கு எதற்கு 60 விநாடி என்ற கேள்வி வரும். பத்து விநாடி டோன்தான் இருக்கிறது, அதில் ஒரு பல்லி கத்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீளமான காட்சியில் இந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால், பத்து விநாடிக்கு ஒருமுறை அதே பல்லி அதே மாதிரி கத்தும். ரசிகர் சகுனம் பார்க்கத் தொடங்கிவிடுவார்! ஒரு நிமிடம் இருந்தால் பல்லி, இருமல், செருப்புச் சத்தம் எல்லாவற்றையும் தவிர்த்துவிட்டு சுத்தமான துண்டைத் தேர்ந்தெடுக்கலாம்.

அந்தப் படத்தைத் தெலுங்கிலோ இந்தியிலோ வெளியிடும்போதும் இதே டோன்தான் காப்பாற்றும். தமிழ் வசனத்தை எடுத்துவிட்டால் காட்சி முழுவதும் பள்ளங்களாக இருக்கும். அவற்றை நிரப்பிக் கொடுத்தால்தான் அந்த ஊர் டப்பிங் குரல் அதன்மேல் உட்காரும்.

ஸ்பாட்டில் எப்படி எடுக்கிறார்கள்?

வசனத்துக்குப் பயன்படுத்திய அதே மைக், அதே இடம், அதே ஒலி அளவு. அமைதிதானே என்று அளவைக் கூட்டிவிட்டால், மைக்கின் சொந்த இரைச்சலும் சேர்ந்து வந்து டோன் பொருந்தாது. ஷாட்டில் எரிந்த விளக்குகள் எரிய வேண்டும், அவற்றின் ரீங்காரமும் டோனில் உண்டு. ஷாட்டின்போது நிறுத்தியிருந்த ஃபேன் இப்போதும் நின்றிருக்க வேண்டும். தொடங்கும்போது ‘காட்சி 27, சமையலறை, ரூம் டோன்’ என்று சொல்லிப் பதிவு செய்வார்கள். இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து ஐம்பது ‘அமைதி’களில் எது சமையலறை என்று யாருக்கும் தெரியாது. கேமரா வாசல் பக்கமும் கொல்லைப் பக்கமுமாக மாறி மாறிப் பார்த்திருந்தால், மைக்கும் அதற்கேற்பத் திரும்பியிருக்கும். ஒவ்வொரு திசைக்கும் ஒரு டோன் எடுப்பது நல்லது.

ஃபிரிட்ஜ் ஒரு தனி வில்லன். அது ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஒரு டேக்கில் ஓடி இன்னொரு டேக்கில் நின்றிருந்தால் இரண்டையும் வெட்டி ஒட்டும்போது ரீங்காரம் குதிக்கும். அதனால் ஷூட்டிங்குக்கு முன்பே அதை அணைத்துவிடுவார்கள். வீட்டுக்காரரின் பாலும் மாவும் கெட்டுப்போகாமல் இருக்க சவுண்ட் ஆட்களிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. தங்கள் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவார்கள். அதைத் திறந்து சாவியை எடுக்காமல் ஊருக்குக் கிளம்ப முடியாது!

ரூம் டோன் எடுக்க மறந்தால்? எடிட்டர் எல்லா டேக்குகளிலும் வசனங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளைப் பொறுக்கி, அரை விநாடி, கால் விநாடியாகக் கோத்துத் தயாரிக்க வேண்டும். இதற்காகவே சில டைரக்டர்கள் ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முன்னும், ‘கட்’ சொல்வதற்கு முன்னும் மூன்று விநாடி காத்திருப்பார்கள். அதுவும் கிடைக்காவிட்டால், ஒரே வழி ரெகார்டரோடு அதே வீட்டுக்கு, அதே இரவு நேரத்துக்குத் திரும்பிப் போவதுதான். அதற்குள் பக்கத்தில் வீடு கட்டத் தொடங்கியிருந்தால் அந்த அமைதி இனி கிடைக்காது.

திரும்ப வராத குரல்கள்

அறையின் அமைதி மட்டுமல்ல, குரலும் மாறும். 13 வயதுப் பையனை வைத்துப் படம் எடுத்து, எட்டு மாதம் கழித்து டப்பிங்குக்கு அழைத்தால், வருவது உடைந்த குரலோடு வேறொரு பையனாக இருக்கக்கூடும். நடிப்புப் பழக்கமே இல்லாத கிராமத்துப் பாட்டி, அடுப்படியில் இயல்பாகப் பேசியதை ஏ.சி. அறையில் மூன்று பீப்புக்குப் பிறகு பேசச் சொன்னால் மனப்பாடம் ஒப்பிப்பார். இப்படிப்பட்டவர்களுக்கு மட்டுமாவது ஸ்பாட்டிலேயே வைல்டு லைன் எடுத்துவிடுவது உத்தமம்.

கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று மறைந்தபோது, ‘ஜேம்ஸ்’ படத்துக்கு அவர் டப்பிங் பேசியிருக்கவில்லை. 2022 மார்ச் 17, அவரது பிறந்தநாளன்று படம் வெளியானபோது, திரையில் புனீத் பேச, ஒலித்தது அண்ணன் சிவராஜ்குமாரின் குரல். ஸ்பாட்டில் பேசியதைப் பாதுகாப்பது ஏன் வெறும் தொழில்நுட்ப விஷயம் அல்ல என்பதை அந்தப் படம் தியேட்டரில் பார்த்த ரசிகர்கள் உணர்ந்திருப்பார்கள்.

காதால் கண்டுபிடிக்கலாம்

அடுத்த முறை லைவ் சவுண்டில் எடுத்த படமோ வெப் சீரிஸோ பார்க்கும்போது, பின்னணி இசை இல்லாத ஒரு காட்சியில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். பேச்சைக் கேட்காதீர்கள், பேச்சுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கேளுங்கள். ஒருவர் வாய் திறக்கும்போது மட்டும் பின்னணி இரைச்சல் மாறுகிறதா? முகம் தூரத்தில் இருக்க குரல் மட்டும் காதருகே கேட்கிறதா? ஒரு வசனத்தில் மட்டும் வளையலும் செருப்பும் ஊமையாகிவிடுகின்றனவா? மூன்றில் ஒன்று இருந்தாலும் அது தியேட்டரில் ஒட்டிய வசனமாக இருக்க வாய்ப்பு அதிகம். காட்சி முடியும்வரை எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், ஒருவேளை எதுவுமே கெடாமல் இருந்திருக்கலாம். அல்லது, அன்று யாரோ அறுபது விநாடி அசையாமல் நின்றிருக்கிறார்கள்.